நன்றியுரை: ஒரத்தநாடு ரத்ததான முகாம், ஜூன் 14

அனைவருக்கும் வணக்கம்.

நன்றியுரைக்கு யாராவது எழுந்தாலே செருப்பைத் தேடும் கால்கள் தெரியும். பசி நேரம் என்று எனக்கும் தெரியும். ஐந்து நிமிடம் கொடுங்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்திருக்கும் மருத்துவருக்கும், செவிலியர்களுக்கும், ஆய்வக நுட்புநர்களுக்கும் முதல் நன்றி. ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. “ஐயா, எவ்வளவு எடுப்பீர்கள்?” என்று ஒவ்வொருவரும் கேட்க, ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் “350 மில்லி” என்று பதில் சொன்னீர்கள். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு மாலை போடலாம்.

வாசிப்பு அறையை ஒரு நாளைக்கு எங்களிடம் ஒப்படைத்த நூலகர் ஐயாவுக்கு நன்றி. நாளிதழ் படிக்க வந்த பெரியவர்களை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவைத்தோம். முகம் சுளிக்காமல் போனார்கள். அவர்களில் இருவர் படித்து முடித்துவிட்டு உள்ளே வந்து ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டார்கள்.

இன்று ரத்தம் கொடுத்தவர்கள் 43 பேர். உங்களுக்குச் சான்றிதழும் வாழைப்பழமும் கிடைத்துவிட்டன, கைத்தட்டலும் கிடைத்தது. வெறுங்கையோடு திரும்பியவர்கள் 11 பேர். எடை 45 கிலோவுக்குக் குறைவு, ஹீமோகுளோபின் 12.5 இல்லை, இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்தது என்று காரணங்கள். பாதிக்கு மேல் பெண்கள். வேலையை ஒதுக்கிவைத்து, வீட்டில் சொல்லிவிட்டு, வரிசையில் நின்று, விரல் நுனியில் குத்து வாங்கிய பிறகு “இன்று வேண்டாம் அம்மா” என்று கேட்டவர்கள் அவர்கள். கொடுக்க வந்த மனத்துக்குக் கணக்கு எழுதுகிற பதிவேடு மருத்துவமனையில் கிடையாது. வாசகர் வட்டத்தின் சார்பில் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். உங்களுக்கு எங்கள் நன்றி. மருத்துவர் சொன்ன இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதீர்கள்.

இனி நம் தன்னார்வலர்கள்.

செல்வி அக்கா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். 80 பக்கக் கோடுபோட்ட நோட்டு, அட்டை கிழிந்து பிளாஸ்டிக் உறை போட்டது. தெருவாரியாகப் பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம் என்பதால், யாருக்கு எப்போது தவணை என்று அவருக்குத்தான் தெரியும். ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் 5 நாளுக்கு மேல் தாங்காது என்று மருத்துவர் சொன்னாரே, அதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த நோட்டுதான். ஆண்டுக்கு ஒரு நாள் பந்தல் போட்டால் போதாது. நடுராத்திரி அழைத்தாலும் ஆள் சொல்ல ஒருவர் வேண்டும். அக்கா, நன்றி.

பார்வதி அம்மாள் விடியற்காலையிலேயே எலுமிச்சம்பழம் பிழிய உட்கார்ந்தார். சர்க்கரையோடு ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தது அவருடைய கைமணம். ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பப்பட்ட மல்லிகா, வீட்டுக்குப் போகாமல் அவருக்குப் பக்கத்தில் நின்று கடைசி வரை தம்ளர் நிரப்பினார்.

பத்தரை மணிக்கு மின்சாரம் போனது. எதிர்க்கடை ஜெராக்ஸ் பாஸ்கர் தன் கடையின் இன்வெர்ட்டரிலிருந்து இணைப்பு இழுத்துக் கொடுத்தார். அவர் கடையில் அந்த ஒரு மணி நேரம் ஒரு நகல்கூட எடுக்கவில்லை. பாஸ்கர் அண்ணன், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட எங்கள் அடுத்த நோட்டீசையும் உங்களிடமே அடிக்கிறோம்.

பிளஸ் டூ மாணவர்கள் கவினும் யாழினியும் 18 வயது ஆகாததால் ரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் படுக்கையில் இருந்தவர்களின் கையில் பந்தைக் கொடுத்து, “அழுத்துங்க மாமா, விடுங்க, அழுத்துங்க” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தது இவர்கள்தான். மயக்கம் வந்த ஒருவருக்கு, மருத்துவர் சொன்னதுமே கால்மாட்டில் தலையணை வைத்து உயர்த்தியதும் இவர்களே. இருவரும் பிறந்தநாளன்று நேராகச் செல்வி அக்காவின் நோட்டில் பெயர் எழுதிவிட வேண்டும்.

நடக்க முடியாதவர்களை வாடகை வாங்காமல் அழைத்து வந்த ஆட்டோ நிலைய நண்பர்களுக்கும், நாற்காலி கொடுத்த பந்தல்காரருக்கும், நேற்றிரவே தரையைக் கழுவிவிட்ட துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் திட்டலாம். சாம்பார் சாதம் தயாராக இருக்கிறது.

நிறைவாக நாட்டுப்பண். அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ரத்தம் கொடுத்தவர்கள் மட்டும் அவசரப்படாமல், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருங்கள்.