பெயர் சொல்லிக் கூப்பிடும் யானைகள்: கென்ய ஆய்வில் தடயம்

ஜூன் 11, 2024: காட்டு யானைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிக்கும், பெயர் போன்ற ஒலிகளால் ஒன்றையொன்று அழைக்கின்றன என்பதற்கான தடயம் கென்யாவில் கிடைத்துள்ளது. தன்னை நோக்கி எழுப்பப்பட்ட பழைய ஒலிப்பதிவை ஒலிபெருக்கியில் கேட்ட யானைகள், அதன் பக்கம் விரைந்து வந்தன. பதில் குரலும் கொடுத்தன. வேறு யானையை அழைத்த பதிவுக்கு அத்தனை வேகம் காட்டவில்லை.

17 யானைகளிடம் இந்தச் சோதனை நடந்தது. ஒவ்வொரு யானைக்கும் போட்டுக் காட்டிய இரு பதிவுகளும் ஒரே யானையின் குரல். ஆகவே, தெரிந்த குரல் என்பதால் வந்திருக்கும் என்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு முன்பே, 101 யானைகள் 117 யானைகளை நோக்கி எழுப்பிய 469 ஒலிகளைக் கணினியில் அலசினார்கள். எந்த ஒலி யாருக்கானது என்பதை 27.5 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. குறைவாகத் தோன்றலாம், ஆனால் பொருளற்ற தரவைக் கொடுத்தபோது கிடைத்தது வெறும் 8 சதவீதம்தான். மேலும், ஒவ்வொரு அழைப்பிலும் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நாமும் பேச்சுக்குப் பேச்சு பெயர் சொல்வதில்லையே.

'நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்' இதழில் திங்கள்கிழமை வெளியான இந்த ஆய்வை மைக்கேல் பார்டோ தலைமையிலான குழு செய்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும், 'சேவ் தி எலிஃபன்ட்ஸ்', 'எலிஃபன்ட் வாய்சஸ்' அமைப்புகளும் இதில் பங்கேற்றன.

டால்பின்களும் கிளிகளும் கூட்டாளியின் தனிக் குரலைப் போலச் செய்து அதை அழைக்கும். யானைகள் அப்படி அழைக்கப்படும் யானையின் குரலைப் போலச் செய்வதாகத் தெரியவில்லை. இந்த ஆய்வின் புதுமையே அதுதான்.

ஆனாலும் 'யானைக்குப் பெயர் உண்டு' என்று அடித்துச் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. உறுமலின் எந்தத் துண்டு பெயர் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. ஒரே யானையைக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பெயரால்தான் அழைக்கிறார்களா என்பதும் உறுதியாகவில்லை.

ஆராயப்பட்டது பிளிறல் அல்ல, தாழ்ந்த உறுமல். அதில் ஒரு பகுதி மனிதக் காதுக்கு எட்டாது. கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கும் உறவைத் தேடும்போதும், பெரிய யானை குட்டியைக் கவனிக்கும்போதும் எழும் உறுமல்களில் பெயரின் சாயல் கூடுதலாகத் தென்பட்டது.

முதுமலை, ஆனைமலைக் காடுகளில் வாழும் ஆசிய யானைகள் வேறு இனம். அவை இந்த ஆய்வில் இல்லை. பாகன் வைத்த பெயருக்கு முகாம் யானை திரும்புவது மனிதர் பழக்கியது. அதை இதோடு சேர்க்க முடியாது.

ஒலிகள் அம்போசெலி தேசியப் பூங்காவிலும் வடக்கே சம்புரு பகுதியிலும் 1986 முதல் 2022 வரை வெவ்வேறு காலங்களில் பதிவு செய்யப்பட்டவை.