கொழிஞ்சாம்பாறை சித்திக்கு: போனை மலையாளத்துல இருந்து தமிழுக்கு மாத்தற வழி

சித்தி, நீங்க அனுப்பின மூணு ஸ்க்ரீன்ஷாட்டும் வந்துச்சுங்க. பழைய போனை உங்களுக்கு வித்த கடைக்காரர் முன்னாடி வெச்சிருந்தவங்களோட மொழியை மாத்தாமயே கொடுத்துட்டார், அவ்வளவுதான். போன்ல எந்தக் கோளாறும் இல்லை. நான் சொல்ற இடத்தை மட்டும் தொடுங்க, கால் மணி நேரத்துல முடிஞ்சிரும்.

நீங்க சந்தையில, பஸ்ஸுல எல்லாம் நல்லா மலையாளம் பேசறவங்க. தமிழ் மீடியத்துல படிச்சதால எழுத்துதான் தெரியாது. அதனால ஒவ்வொரு வரியும் எப்படி ஒலிக்கும்னு தமிழ்லயே எழுதியிருக்கேன். வாய்விட்டுப் படிங்க, பாதி உங்களுக்கே புரிஞ்சிரும். தொட வேண்டிய இடத்துல சிவப்பு வட்டம் போட்டு மூணு படத்தையும் திருப்பி அனுப்பியிருக்கேன், பக்கத்துல வெச்சுக்குங்க.

முதல் படம். பல்சக்கரம் மாதிரி இருக்கற ஐகானைத் தொட்டா வர்றது இது. மேல பெருசா "ക്രമീകരണം"னு இருக்கு, கிரமீகரணம். தமிழ் போன்ல இதைத்தான் "அமைப்புகள்"னு போட்டிருப்பாங்க. கீழ வரிசையா இருக்கறது:

"ആപ്പുകൾ", ஆப்புகள். தமிழ்ல ஆப்ஸ்.
"അറിയിപ്പുകൾ", அறியிப்புகள். தமிழ்ல அறிவிப்புகள்.
"ബാറ്ററി", பாட்டரி. தமிழ்ல பேட்டரி.
"സ്റ്റോറേജ്", ஸ்டோரேஜ். தமிழ்ல சேமிப்பகம். மெமரி நிறைஞ்சிருச்சான்னு பாக்கறது இங்கதான்.
"ശബ്ദം", சப்தம். தமிழ்ல ஒலி.

இதுல எதையும் இப்பத் தொட வேண்டாம். விரலால மேல தள்ளிக்கிட்டே அடிக்கு வாங்க. "സിസ്റ്റം"னு ஒரு வரி, சிஸ்டம். தமிழ்லயும் அதே சிஸ்டம்தான். கடைசியில சின்னதா ஒரு வட்டம் இருக்கும், அது "ம்". சிவப்பு வட்டம் போட்டிருக்கறது அந்த வரிக்குத்தான், தொடுங்க.

ரெண்டாவது படத்துல மட்டும் ரொம்பக் கவனமா இருங்க. "ഭാഷകൾ"னு ஒரு வரி இருக்கு, பாஷகள். தமிழ்ல மொழிகள். அதைத்தான் தொடணும். அதே பக்கத்துல கீழ "റീസെറ്റ്"னு தொடங்கற வரியும் இருக்கு, ரீசெட். அந்தப் பக்கமே போகாதீங்க. தப்பித்தவறிப் போயிட்டா "മായ്ക്കുക"ன்னு ஒரு சொல் கண்ணுல படும், மாய்க்குக. கரும்பலகையில எழுதினதை அழிக்கறதுக்குச் சொல்வாங்களே, அதேதான். அதை அமுக்கினா பசங்க போட்டோ, போன் நம்பர் எல்லாம் போயிரும். அந்தச் சொல்லைப் பாத்தா வேற எதையும் அமுக்காம பின்னாடி வந்துருங்க. சும்மா உள்ளே போய்ப் பாத்ததால ஒண்ணும் அழியாது, அதனால பதறாதீங்க.

பாஷகளைத் தொட்டா மூணாவது படம். இப்போதைக்கு அதுல "മലയാളം" ஒண்ணுதான் இருக்கு, முன்னால 1 போட்டிருக்கு. அதுக்குக் கீழ கூட்டல் குறியோட "ഒരു ഭാഷ ചേർക്കുക"ன்னு இருக்கறதைப் படிச்சுப் பாருங்க: ஒரு பாஷ சேர்க்குக. இதுக்கு நான் அர்த்தமே சொல்ல வேண்டியதில்லை. தொடுங்க.

இப்ப நீளமா ஒரு பட்டியல் வரும். இங்கிருந்து கஷ்டம் விட்டுது, ஏன்னா ஒவ்வொரு மொழியோட பேரும் அந்தந்த மொழி எழுத்துலயே இருக்கும். மேலயும் கீழயும் மெதுவா தள்ளிப் பாத்தா நம்ம எழுத்துல "தமிழ்"னு நிக்கும். அதைத் தொட்டா எந்த நாட்டுத் தமிழ்னு கேக்கும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் இருக்கும். நீங்க "இந்தியா"வைத் தொடுங்க.

திரும்பவும் மூணாவது படத்துக்கே வந்துருவீங்க, ஆனா இப்ப மலையாளம் 1, தமிழ் 2. போன் இன்னும் மாறியிருக்காது. தமிழ் வரிக்கு வலது ஓரத்துல சின்னச் சின்னக் கோடு இருக்கும் பாருங்க. அதை லேசா அமுக்கினபடியே விரலை எடுக்காம மேல இழுத்து மலையாளத்துக்கு மேல விடுங்க. நிறையப் பேர் இங்கதான் நிறுத்திடறாங்க. சேத்தா மட்டும் போதாது, முதல் இடத்துக்குக் கொண்டு வந்தாத்தான் மாறும். நடுவுல ஒரு பெட்டி வந்து கேட்டா "മാറ്റുക" தொடுங்க, மாற்றுக. "റദ്ദാക്കുക", அதாவது ரத்தாக்குக, அது வேண்டாம்.

உடனே மேல "மொழிகள்"னு தமிழ்ல வந்துரும். மலையாளத்தை அழிக்க வேண்டாம், ரெண்டாவதா இருந்துட்டுப் போகட்டும். அடுத்த வீட்டுச் சேச்சி எப்பவாச்சும் உதவிக்கு வந்தா அவங்களுக்கும் ஆகும்.

எழுத்து பொடிசா இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு அமைப்புகளுக்குத் திரும்பி வந்து "டிஸ்ப்ளே"க்குள்ள போனா "எழுத்து அளவு"ன்னு இருக்கும். இனிமேல் நீங்களே படிச்சுப் பண்ணிக்குவீங்க. எங்காவது படத்துல இல்லாத பக்கம் வந்து நின்னா அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. ஆறு மணிக்கு மேல பொள்ளாச்சி வீட்டுலதான் இருப்பேன், அம்மாவும் கூட இருப்பாங்க.