ஜூலை 13 முதல் 18 வரை நான் லீவு: பிரபுவுக்கு வேலை ஒப்படைப்பு

பிரபு,

அம்மாவுக்குத் தவளக்குப்பம் அரவிந்தில் கண் ஆபரேஷன், திங்கள் 13ஆம் தேதி. சொட்டு மருந்து போட ஆள் வேண்டும் என்பதால் சனிக்கிழமை வரை வரமாட்டேன், 20 திங்கள் காலை கடலூர் ஆபீசில் இருப்பேன். 20ஆம் தேதிதான் மாதாந்திர GSTR-3Bக்குக் கடைசி நாள் என்பது உனக்கே தெரியும், அதனால் "அக்கா வந்ததும் பார்த்துக்கலாம்" என்று ஒன்றையும் தள்ளி வைக்காதே. கடைசி நாள் மத்தியானம் போர்ட்டல் எப்படி இருக்கும் என்று போன மாதம் பார்த்தாயே.

மாதாந்திர பார்ட்டிகள் எல்லாருக்கும் ஜூன் GSTR-1 போட்டாகிவிட்டது. பாக்கி இருப்பது முதுநகர் வலைக்கடை மட்டும். அவர் காலாண்டுக் கணக்கு, திங்கள் 13 கடைசி. பில் எல்லாம் ஏற்றிச் சரிபார்த்து வைத்துவிட்டேன், நீ ஃபைல் பட்டனை அழுத்தி ஓடிபி வாங்கினால் போதும். ஓடிபி கடைக்காரர் போனுக்குத்தான் போகும். காலையில் துறைமுகத்தில் இருப்பார், எடுக்கமாட்டார், 11 மணிக்கு மேல் கூப்பிடு. "ஐயா, கடைக்கு வந்ததும் ஒரு நம்பர் வரும், அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்று சொன்னால் போதும், விளக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். அவருடைய 3B 22ஆம் தேதி வரை இருக்கிறது, அதை நான் வந்து போட்டுக்கொள்கிறேன், நீ தொட வேண்டாம்.

இனி நிஜமாகவே கவனம் வேண்டிய இடம். மஞ்சக்குப்பம் ஹார்டுவேர்காரருக்குக் கடை இங்கே, குடோன் அரியாங்குப்பத்தில். ஒரே பான், ஆனால் இரண்டு GSTIN, கடைக்கு 33, குடோனுக்கு 34. குடோனிலிருந்து கடைக்குச் சரக்கு வந்தால் அது அவருடைய சொந்தச் சரக்கே ஆனாலும் வரிக் கணக்கில் இரண்டு வெவ்வேறு ஆட்களுக்கு இடையே நடந்த விற்பனைதான், ஐஜிஎஸ்டியோடு பில் போட வேண்டும். பெரியவருக்கு இது தெரியும். பையன் ஜூன் கடைசி வாரத்தில் பெயிண்ட் லோடு ஒன்றை வெறும் டெலிவரி சலானில் அனுப்பிவிட்டான், கேட்டால் "நம்ம சரக்குதானே அக்கா, நமக்கே எதுக்கு பில்லு" என்கிறான். மதிப்பு 1,86,000 ரூபாய், 18 சதவீதம் போட்டால் வரி 33,480. இது எனக்குத் தெரியவந்தபோது 34இன் GSTR-1 போட்டு முடித்திருந்தேன்.

அதனால் 3Bக்கு முன்னால் அதை GSTR-1A வழியாகச் சேர்க்க வேண்டும். 3Bயில் விற்பனை வரி தானாக வந்து உட்காரும், நேரடியாக அங்கே திருத்த இப்போது விடுவதில்லை. ஆகவே வரிசை மாறக்கூடாது: முதலில் பில்லை வாங்கு (பெரியவரிடம் பேசிவிட்டேன், செவ்வாய்க்குள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார், வராவிட்டால் புதன் காலை விரட்டு), பிறகு 1A, அது ஏறியதும்தான் 3B. 3Bயை முதலில் போட்டுவிட்டால் அந்த மாதத்துக்கு 1A கதவு மூடிவிடும். இன்னொன்று, 1Aவில் சேர்த்த பில்லின் கிரெடிட் கடைப் பக்கத்துக்கு ஜூன் 2Bயில் வராது, அடுத்த மாதத்தில்தான் வரும். பையன் "ஒரு கையில் கட்டுகிறோம், இன்னொரு கையில் எடுக்க விடமாட்டேங்கிறீங்க" என்று கேட்பான். நியாயமான கேள்விதான், ஆனாலும் ஜூனில் எடுக்காதே.

அதே ஃபைலில் புதுச்சேரி லாட்ஜ் பில் ஒன்று இருக்கிறது, கடையின் 33 நம்பர் போட்டு வாங்கியிருக்கிறார்கள். புதுச்சேரி எஸ்ஜிஎஸ்டிக்குக் கடலூரில் கிரெடிட் கிடையாது, 2Bயிலேயே கிடைக்காத பட்டியலில்தான் நிற்கும். தொகை சின்னது, விட்டுவிடு. காரைக்காலுக்குப் போன பில்களைப் பார்த்துக் குழம்பாதே. லாரி நம்ம ஊர் வழியாகத்தான் போகிறது, ஆனால் காரைக்காலும் 34தான், அதனால் குடோனிலிருந்து அங்கே போனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. குடோனிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற கடலூருக்கு ஐஜிஎஸ்டி. தூரத்தைப் பார்க்காதே, நம்பரின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்.

பண்ருட்டி முந்திரிக்காரர்: 2B 14ஆம் தேதி வரும், வந்ததும் டாலியோடு ஒப்பிட்டுப் பார். இவர் விவசாயிகளிடம் நேரடியாக உடைக்காத கொட்டை வாங்குகிறார், அதற்கு வரியை இவர்தான் கட்ட வேண்டும். ஜூன் கொள்முதல் 7,40,000, 5 சதவீதம் 37,000, பாதி பாதியாக 18,500. இது 2Bயில் தானாக வராது, 3.1(d)யில் நாம்தான் போட வேண்டும். கிரெடிட் எவ்வளவு இருந்தாலும் இதைப் பணமாகத்தான் கட்ட முடியும், கட்டியதை அதே மாதம் 4(A)(3)யில் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். சலான் தொகையை வியாழனுக்குள் அவருக்குச் சொல்லிவிடு, வெள்ளி சந்தை நாளில் போன் எடுப்பதில்லை.

பிஎஃப், இஎஸ்ஐ: திருப்பாதிரிப்புலியூர் ஸ்வீட் கடை, 15 புதன் கடைசி. 26 பேர், சம்பளப் பட்டியல் சரிபார்த்தாகிவிட்டது. புதுசாகச் சேர்ந்த இரண்டு பேரில் ஒரு பையனுக்கு இன்னும் யூஏஎன் வரவில்லை, ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, சான்றிதழில் இன்னொரு மாதிரி. 15 காலை வரை வராவிட்டால் மற்ற 25 பேருக்கு மட்டும் கட்டிவிடு, அவனுக்குத் தனியாகப் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒருவனுக்காக மொத்தத்தையும் நிறுத்தாதே.

வருமான வரிக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பேப்பர் வாங்கி, கவரில் பேரும் போன் நம்பரும் எழுதி, நோட்டில் கையெழுத்து வாங்கு. "ரீஃபண்ட் எவ்வளவு வரும்" என்று கேட்டால் ஒரு தொகையும் சொல்லாதே, சொன்ன தொகையைப் பிடித்துக்கொண்டு மார்ச் வரை கேட்பார்கள்.

பாஸ்வேர்டு நோட்டும் டிஎஸ்சி டாங்கிள்களும் சார் பீரோவில், பின் சாருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் யாருக்கும் பாஸ்வேர்டு அனுப்பாதே, பார்ட்டியே கேட்டாலும் சரி. கையெழுத்துப் போடும்போது மாட்டினால் emSigner ஓடுகிறதா என்று முதலில் பார், பாதி நேரம் அதுதான். என் வேலைத் தாள்கள் `D:\JUNE\3B` ஃபோல்டரில், மஞ்சள் நிறம் அடித்த வரிகள் இன்னும் முடியாதவை.

போன் நம்பர்கள் ஆபீஸ் மொபைலில் இருக்கின்றன, நான் சேமித்த பெயரில் தேடு: "வலைக்கடை ஐயா", "ஹார்டுவேர் பெரியவர்" (பையனிடம் பேசி எதையும் முடிவு செய்யாதே), "முந்திரி கணக்குப்பிள்ளை", "ஸ்வீட் மேனேஜர்", "நெட் அண்ணன்". நெட் போனால் நெட் அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன் அந்த வெள்ளை டப்பாவை ஒரு தடவை அணைத்துப் போடு. வரித்துறை நோட்டீஸ் எது வந்தாலும் நேராகச் சாரிடம், அன்றைக்கே.

என்னை மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடலாம். திங்கள் மட்டும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் இருப்பேன். அவசரம் என்றால் மெசேஜ் போடு, என்ன விஷயம் என்று முழுசாக எழுது, வெறும் "அக்கா ஃப்ரீயா" என்று அனுப்பினால் பதறிப்போவேன்.

அப்புறம், கீழ்வீட்டு அம்மாவுக்குத் தண்ணீர் மோட்டாரை 10 மணிக்கு நிறுத்தித் தர வேண்டும், சுவிட்சு நம்ம பக்கம் இருக்கிறது.

உஷா