செய்தி மூலம், பெயரில்லா மேற்கோள், திருத்தம்: சிறப்புரைக்கான கேள்விகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் வெள்ளிக்கிழமை எங்கள் இதழியல் துறையின் முதுகலை மாணவர்களிடம் பேசத் தாங்கள் இசைந்தமைக்கு நன்றி. அவர்கள் எழுதித் தந்தவற்றில், பாடநூலைப் புரட்டினாலே விடை கிடைத்துவிடும் கேள்விகளை நீக்கிவிட்டு, செய்தி மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவர் மட்டுமே விளக்கக்கூடியவற்றைக் கீழே தந்துள்ளேன்.

1. இரவு பதினொன்றரை மணிக்கு விபத்துச் செய்தி வருகிறது. இறந்தோர் மூவர் என்கிறது காவல் நிலையம். இருவர் என்கிறது அரசு மருத்துவமனை. வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போக அரை மணி நேரமே இருக்கிறது. தாங்கள் எந்த எண்ணைத் தலைப்பில் வைப்பீர்கள்? நிருபரிடம் அடுத்து யாரை அழைக்கச் சொல்வீர்கள்?

2. 2016 நவம்பரில், புதிய 2000 ரூபாய் நோட்டில் 'நானோ சிப்' இருப்பதாக உலவிய புரளியைச் சில தொலைக்காட்சிகள் செய்தியாகவே ஒளிபரப்பின. நோட்டின் பாதுகாப்பு அம்சங்களை ரிசர்வ் வங்கியே வெளியிட்டிருந்தும் அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தவறியது ஏன்? ஒரே வாட்ஸ்அப் தகவலை நான்கு பேர் திருப்பிச் சொன்னால் அது நான்கு மூலமாகிவிடுமா?

3. பெயரில்லா மூலம் என்றதும் வாட்டர்கேட்டைச் சொல்வது வழக்கம்; தகவல் தந்த மார்க் ஃபெல்ட்டின் பெயர் 2005 வரை காக்கப்பட்டது. ஆனால் நம் நாளிதழ்களில் 'பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி' பெரும்பாலும் அத்தகைய ஆபத்தில் இருப்பவர் அல்லர் என்பதே என் எண்ணம்; தம் துறையின் போட்டியாளரைத் தாக்க மறைவிடம் தேடுபவராகவும் அவர் இருக்கலாம். அவருடைய நோக்கத்தை எப்படி எடைபோடுவது? அவர் பெயர் ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டுமா? 1978ஆம் ஆண்டின் பத்திரிகைக் கவுன்சில் சட்டம், அந்தக் கவுன்சிலின் முன் மூலத்தை வெளியிடுமாறு செய்தியாளரைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றங்களுக்கு அப்படியொரு தனிச் சட்டம் இல்லாதபோது, மூலத்துக்கு எந்த அளவு வாக்குறுதி தரலாம்?

4. ரோலிங் ஸ்டோன் இதழ் 2014இல் வெளியிட்ட வெர்ஜீனியா பல்கலைக்கழகப் பாலியல் வன்முறைக் கட்டுரையை 2015இல் திரும்பப் பெற்றது. புகார் கூறியவரின் நண்பர்கள் மூவரைச் செய்தியாளர் தொடர்புகொள்ளவே இல்லை. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவரைச் சந்தேகிப்பதாகத் தோன்றாமல், அவர் சொன்னதைச் சரிபார்ப்பது எப்படி?

5. ஈராக் செய்திகளில் நேர்ந்த குறைகளை நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று ஒப்புக்கொண்ட குறிப்பு உள்பக்கத்தில்தான் வந்தது. முதல் பக்கப் பிழைக்கு எட்டாம் பக்க மூலையில் வரும் 'வருத்தம்' போதுமா? தொடர்பில்லாத ஒருவரின் படத்தைக் குற்றவாளி என்று அச்சிட்டுவிட்டால், இணையப் பக்கத்தில் அதைச் சத்தமின்றி மாற்றிவிடலாமா, அல்லது முன்பு என்ன தவறாக வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டுமா? அந்தப் பழைய ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பவர்களிடம் திருத்தத்தைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருடையது?