வேன் விபத்து குறித்த ஓட்டுநரின் அறிக்கை

நாள்: 13.11.2025, வியாழக்கிழமை
பெறுநர்: பள்ளித் தாளாளர், தலைமை ஆசிரியர், 4ஆம் எண் வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர்

இன்று காலை 7.50 மணியளவில், அரசரடியிலிருந்து காளவாசல் சிக்னலை நோக்கிப் போகும்போது, முன்னால் சென்ற ஷேர் ஆட்டோவின் பின்புறத்தில் நான் ஓட்டிய வேன் இடித்துவிட்டது. வேனில் 14 பிள்ளைகளும் உதவியாளர் அம்மாவும் இருந்தார்கள். வேன் கவிழவில்லை, யாருக்கும் எலும்பு முறிவு இல்லை. காலையிலிருந்து கைப்பேசிகளில் வேறு மாதிரி செய்தி சுற்றுவதால் இதை முதலில் சொல்கிறேன்.

தூறல் விழுந்து சாலை வழுக்கலாக இருந்தது. வேகம் 20 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். கை காட்டிய ஒருவரை ஏற்றிக்கொள்ள ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன், வேன் சறுக்கிப் போய் முட்டியது. ஆட்டோ அப்படி நின்றது தவறுதான். ஆனால் ஈரச் சாலையில் நான் இன்னும் இடைவெளி விட்டு வந்திருக்க வேண்டும். அது என் தவறு.

எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டேன். உதவியாளர் அம்மா பிள்ளைகளை இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, ஒரு மருந்துக்கடை வாசலில் நிறுத்தினார். எண்ணிப் பார்த்தால் 13 பேர்தான். எனக்குக் கை கால் ஓடவில்லை. உள்ளே ஓடிப் பார்த்தால், யு.கே.ஜி. பையன் ஒருவன் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, உருண்டுபோன தண்ணீர் பாட்டில் மூடியைத் தேடிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கி வந்து மறுபடியும் எண்ணினோம். 14.

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடித்து வீங்கியது. ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு உதடு பல்லில் பட்டு லேசாக ரத்தம் வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்த பஞ்சால் துடைத்தோம். இருவரின் வீட்டுக்கும் நானே பேசினேன். தலைமை ஆசிரியர் அனுப்பிய ஆசிரியை, பெற்றோர் முன்னிலையில் மருத்துவரிடம் காட்டினார். தையல் தேவைப்படவில்லை. மற்ற 12 பேரும் 8.20க்கு வந்த மாற்று வேனில் பள்ளிக்குப் போனார்கள்.

எல்லாப் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயத்தில் அடிபட்டதைச் சொல்லாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. இன்று இரவு வாந்தி, விடாத தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எனக்கும் எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள்.

வேனில் இடது ஹெட்லைட்டும் பம்பரும் உடைந்தன. ஆட்டோவின் பின்விளக்கு நொறுங்கியது. அதிலிருந்த யாருக்கும் காயமில்லை. போக்குவரத்துக் காவலர் வந்து விவரம் குறித்துக்கொண்டார். வேனின் கேமராப் பதிவைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். பார்க்க விரும்பும் பெற்றோர் அங்கே பார்க்கலாம். மூன்று பிள்ளைகளின் சாப்பாடு கொட்டிவிட்டதால் பள்ளியிலேயே மதிய உணவு கொடுத்தார்கள்.

பிரேக்கைச் சோதித்து எழுத்தில் சான்று கிடைக்கும்வரை இந்த வேனை எடுக்க மாட்டேன். நாளை மாற்று வேன் வரும். அதன் ஓட்டுநருக்கு நம் தெருக்கள் புதிது என்பதால் பத்து நிமிடம் தாமதமாகலாம். பிள்ளைகளுக்குப் பழகிய முகமாக உதவியாளர் அம்மா அதில் வருவார். நான் மறுபடி ஓட்டலாமா என்பது தாளாளரின் முடிவு.

இப்படிக்கு,
ஓட்டுநர், 4ஆம் எண் வேன்