பொருள்: ஜூன் 17 கிடங்கு மென்பொருள் மாற்றக் கூட்டத்தில் கலந்துகொள்ள இயலாமை, ஜூன் 18 அன்று 40 நிமிடக் கூட்டத்துக்கு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய திட்ட மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிடங்கு மென்பொருள் மாற்றம் தொடர்பாக வரும் ஜூன் 17, செவ்வாய்க்கிழமை காலை 10.30 மணி முதல் 12.30 மணி வரை தாங்கள் ஏற்பாடு செய்துள்ள கூட்டத்துக்கான அழைப்பும் நிகழ்ச்சி நிரலும் கிடைத்தன, நன்றி. அன்று என்னால் கலந்துகொள்ள இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதே நாள் காலை 10 மணிக்குத் தணிக்கையாளர்களுடன் ஆண்டுத் தணிக்கையின் நிறைவுக் கூட்டம் தொடங்குகிறது. அவர்கள் எழுப்பியுள்ள வினாக்களுக்குக் கணக்குப் பிரிவின் சார்பில் நேரில் விளக்கமளித்துக் கையொப்பமிட வேண்டியவன் நான் என்பதாலும், தேதி அவர்கள் தரப்பில் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டுவிட்டதாலும், அதை மாற்றும்படி கேட்க எனக்கு வழியில்லை. அது பிற்பகல் வரை நீளக்கூடும். ஆகவே தங்கள் கூட்டத்தின் பிற்பாதியிலாவது வந்து சேருவேன் என்று உறுதி கூறவும் முடியவில்லை.

இதற்கு மாற்றாக, மறுநாள் ஜூன் 18, புதன்கிழமை பிற்பகல் 3.00 மணி முதல் 3.40 மணி வரை சந்திக்கலாம் என்பது என் வேண்டுகோள். தங்களுடைய காலண்டரிலும், கிடங்கு மேலாளர், கொள்முதல் மேலாளர் ஆகியோரின் காலண்டர்களிலும் அந்த நேரம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். மென்பொருள் நிறுவனத்தின் ஆலோசகர் வெளியில் இருந்து வருபவர். அவருக்கு வசதிப்படுமா என்று தாங்கள்தான் கேட்டறிய வேண்டும். புதன்கிழமை ஒத்துவராவிட்டால் ஜூன் 19, வியாழக்கிழமை காலை 9.15 முதல் 9.55 வரையும் எனக்கு இயலும்.

இரண்டு மணி நேரத்தை 40 நிமிடமாகச் சுருக்கச் சொல்வது விஷயத்தை இலேசாக எடுத்துக்கொள்வதாகத் தோன்றக்கூடாது என்பதற்காகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அனுப்பிய நிரலில் ஆறு பொருள்கள் உள்ளன. அவற்றுள் நான்கில் கணக்குப் பிரிவு சொல்ல வேண்டியதை எழுத்திலேயே சொல்லிவிடலாம். மற்ற இரண்டு, அதாவது அளவீட்டு அலகும் தொடக்க இருப்பும், எல்லோரும் ஒரே மேசையில் இருந்தால் மட்டுமே தீரக்கூடியவை. அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 40 நிமிடம் போதும். நிலவர அறிக்கையில் முதல் அரை மணி நேரம் கழிந்துவிட்டால் இரண்டு மணி நேரமும் போதாது என்பதே இத்தகைய கூட்டங்களில் நாம் வழக்கமாகக் காண்பது.

அளவீட்டு அலகைப் பொறுத்தவரை என் கவலை இதுதான். சோதனைப் பதிப்பில் பல பொருள்களுக்குப் பெட்டியே அடிப்படை அலகாகப் பதிவாகியிருக்கிறது. நாமோ பெட்டிகளாக வாங்கி உதிரியாக வழங்குகிறோம். 12 எண்ணிக்கை கொண்ட பெட்டியைப் பிரித்து 5 கொடுத்துவிட்டால் மீதி 7. மென்பொருள் அதை 0.58 பெட்டி என்று இரண்டு தசம இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. அதைத் திரும்ப எண்ணிக்கைக்கு மாற்றினால் 6.96 வருகிறது. அலமாரியில் முழுதாக 7 இருக்கும்போதே, 7 வழங்க முயன்றால் 'இருப்பு போதவில்லை' என்று திரை மறுக்கிறது. உதிரி எண்ணிக்கையை அடிப்படை அலகாகவும், பெட்டியைக் கொள்முதல் அலகாகவும் வைத்து, ஒரு பெட்டிக்கு இத்தனை என்ற மாற்று விகிதத்தைப் பொருள்வாரியாகப் பதிந்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் முதல் பதிவு விழுந்துவிட்ட பிறகு அடிப்படை அலகை மாற்ற முடியாது என்று ஆலோசகர் முன்பே எச்சரித்திருப்பதால், ஜூலை 1-க்கு முன் இதை முடிவு செய்தாக வேண்டும்.

தொடக்க இருப்பில் உள்ள சிக்கல் இன்னும் நுட்பமானது. ஜூன் 30 மாலை கிடங்கில் எண்ணிக்கை எடுத்து, அந்த அளவையே புதிய மென்பொருளில் ஜூலை 1-இன் தொடக்க இருப்பாக ஏற்றுவது என்பது வரை நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஜூன் 30 அன்று சரக்கு உள்ளே வந்து, அதற்கான பில் ஜூலை 2 அல்லது 3-ஆம் தேதி வந்தால் என்ன செய்வது என்பதே கேள்வி. சரக்கு எண்ணிக்கையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பில் வந்ததும் அதைப் புதிய மென்பொருளில் வரவாகப் பதிந்தால் ஒரே சரக்கு இரண்டு முறை ஏறிவிடும். அத்தகைய வரவுகளை ஜூன் 30 தேதியிட்டுப் பழைய மென்பொருளிலேயே 'பில் வராத வரவு' என்று பதிந்து, பின்னர் வரும் பில்லைக் கணக்கில் மட்டும் நேர்செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இதற்காகப் பழைய மென்பொருளில் பதிவு செய்யும் உரிமையை எந்த நாள் வரை திறந்து வைப்பது என்பதைக் கிடங்கு மேலாளரும் கொள்முதல் மேலாளரும் சேர்ந்துதான் சொல்ல முடியும். அவர்களைக் கேட்காமல் நான் ஒரு தேதியைக் குறிப்பது முறையாகாது.

மற்ற நான்கு பொருள்களில் எங்கள் நிலைப்பாடு வருமாறு. தரவு மாற்றத்தின் நிலவரத்தைத் தங்கள் வாராந்தர அறிக்கையிலேயே படித்துக்கொள்கிறோம். பயனர் உரிமைகளில் ஒரே ஒரு நிபந்தனை: சரக்கு வரவைப் பதிபவரே பில்லை ஒப்புதல் செய்பவராகவும் இருக்கக்கூடாது. பயிற்சிக்கு எங்கள் பிரிவினரை ஜூன் 23, 24 ஆகிய நாள்களில் அனுப்ப இயலும். 26-ஆம் தேதிக்குப் பிறகு காலாண்டு முடிப்பு வேலை தொடங்கிவிடுவதால் ஒருவரையும் விடுவிக்க முடியாது. அறிக்கைகளில் இருப்புப் பதிவேடும் நாள்பட்ட இருப்பு அறிக்கையும் முதல் நாளிலேயே தேவை. ஏனையவை ஜூலை இறுதிக்குள் வந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைத் தள்ளிவைக்க முடியாத நிலை இருந்தால், எங்கள் உதவி மேலாளர் எனக்குப் பதிலாக வருவார். மேற்சொன்ன நான்கு பொருள்களில் அவர் சொல்வதை என் சொல்லாகவே கொள்ளலாம். அளவீட்டு அலகு, தொடக்க இருப்பு ஆகிய இரண்டிலும் அவர் குறிப்பெடுத்து வருவாரே தவிர, ஒப்புதல் தர மாட்டார். ஆண்டு முடிவில் அந்த எண்களுக்குத் தணிக்கையில் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது என்பதால், அவரை அந்த இடத்தில் நிறுத்த நான் விரும்பவில்லை. எனவே அந்த இரண்டை மட்டும் புதன்கிழமைக்கு ஒதுக்கி வைக்குமாறு வேண்டுகிறேன்.

பெட்டியை அடிப்படை அலகாகக் கொண்ட பொருள்களின் பட்டியலையும், கடந்த மார்ச் இறுதியில் பில் வராமல் நின்ற வரவுகளின் விவரத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். கிடங்கு மேலாளர் அந்தப் பட்டியலைக் கூட்டத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டால் விவாதம் விரைந்து முடியும்.

புதன், வியாழன் ஆகிய இரண்டு நேரங்களையும் என் காலண்டரில் தற்காலிகமாக ஒதுக்கியுள்ளேன். ஜூன் 16, திங்கட்கிழமை நண்பகலுக்குள் தாங்கள் எதைத் தேர்ந்தாலும் மற்றதை விடுவித்துவிடுவேன். அழைப்பைத் தாங்களே புதுப்பித்து அனுப்பினால் அனைவருக்கும் ஒரே பதிவாகப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேலாளர், கணக்குப் பிரிவு

நகல்: கிடங்கு மேலாளர், கொள்முதல் மேலாளர், கணக்குப் பிரிவு உதவி மேலாளர்
இணைப்பு: 2