நிலுவைக் கடிதம்

1994இல் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகளாகியும் கைக்கு வராத ஓய்வூதிய நிலுவைக்கான ஆணை பதிவுத் தபாலில்தான் வருமென்று யாரோ சொன்னதை நம்பி, ஆசிரியர் திங்கள்தோறும் குடையும் துணிப்பையுமாக அஞ்சலகத்துக்கு வந்துவிடுவார். தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கத்தான் முடியவில்லை.

அன்று, தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த தபால்காரர், "ஐயா, உங்களுக்கு ஒன்று இருக்கிறது" என்று பழுப்பு உறையை நீட்டினார். கையொப்பமிடும்போது விரல் நடுங்கியது. மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு படித்தார்: வாரிசுப் படிவத்தில் மனைவியின் பெயரில் ஓரெழுத்துப் பிழையாம், திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டுமாம்.

பசைக் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டு, "தம்பி, பதிவுத் தபாலுக்கு இப்போது எவ்வளவு ஒட்ட வேண்டும்?" என்று கேட்டார்.